முட்டை மஞ்சளில் விழும் பச்சை வளையம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். மஞ்சளும் வெள்ளையும் சேரும் இடத்தில் சாம்பலும் பச்சையுமாக ஒரு வளையம். கெட்டுப்போன முட்டை என்று நினைத்து, தீபாவளி திறந்த இல்ல உபசரிப்புக்கு அவித்த இருபதையும் குப்பையில் கொட்டிவிட்டதாகச் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை, ஏனென்றால் அந்த முட்டைகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. தாராளமாகச் சாப்பிட்டிருக்கலாம். கெட்ட முட்டை என்றால் உடைத்த உடனே நாற்றம் முகத்தில் அடிக்கும், உன் முட்டையில் அது இல்லை என்று நீயே சொன்னாய். போனில் இதை அவசரமாகச் சொல்லி முடிக்க எனக்கு விருப்பமில்லை, அதனால்தான் கடையைக் கட்டிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

முட்டை வெள்ளையில் கந்தகம் இருக்கிறது, அதன் புரதத்துக்குள் கட்டுண்டு கிடக்கும். சூடு ஏறி, ஏறின சூட்டிலேயே நெடுநேரம் கிடந்தால் அந்தக் கட்டு அவிழ்ந்து ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு கிளம்பும். அதிக நேரம் அவித்த முட்டையை உரிக்கும்போது வருமே ஒரு வாடை, அது இந்த வாயுதான். மஞ்சளில் இரும்பு இருக்கிறது. வாயு உள்ளே நகர்ந்து மஞ்சளின் மேல்தோலைத் தொட்டதும் இரும்போடு சேர்ந்து இரும்பு சல்பைடு ஆகிறது. அதன் நிறம் கருமை, மஞ்சள் மேல் மெல்லிசாகப் படியும்போது நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் அந்த விளிம்பு ஒன்றுதான், அதனால்தான் கறை மஞ்சளுக்குள் பரவாமல் வளையமாகவே நிற்கிறது.

வாயு ஏன் உள்பக்கம் போகிறது என்பதை நீ பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அவியும்போது ஓட்டுப்பக்கம் கொதிக்கிறது, நடுவில் இருக்கும் மஞ்சள் சூடாகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். வாயு சூட்டை விட்டு விலகி, குளிர்ச்சியான பக்கம் நகரும். அவித்த முட்டையைச் சட்டென்று ஐஸ் தண்ணீரில் போட்டால் நிலைமை தலைகீழாகிவிடும், இப்போது குளிர்ந்திருப்பது ஓட்டுப்பக்கம், வாயு வெளியே நகர்ந்துவிடும், புதிதாகக் கிளம்புவதும் அடங்கிவிடும்.

இனி உன் அடுப்பில் நடந்ததைப் பார்ப்போம். இருபது முட்டையையும் பச்சைத்தண்ணீரோடு ஒரே பானையில் வைத்தாய். அந்தச் சின்ன அடுப்பில் கொதி வரவே இருபது நிமிஷத்துக்கு மேல் ஆனது என்றாய், கொதித்த பிறகு கால்மணி நேரம் விட்டாய், அப்புறம் அடுப்பை அணைத்து மூடியைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாய். நீ கால்மணி நேரம்தான் அவித்ததாக நினைக்கிறாய். முட்டைக்கோ அடுப்பு அணைந்தது தெரியாது, மூடிய பானையில் அவ்வளவு தண்ணீர் அரைமணி நேரம் கழித்தும் கை வைக்க முடியாத சூட்டில்தான் இருக்கும். மொத்தத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட அது சூட்டிலேயே கிடந்திருக்கிறது.

நம் நாசி லெமாக் கடை தொடங்கின புதிதில் நானும் இப்படித்தான் செய்தேன். ராத்திரியே நாற்பது முட்டை அவித்து, தண்ணீரோடு விட்டுவிட்டுப் படுத்துவிடுவேன். காலையில் செம்பனைத் தோட்டத்து ஆட்கள் பொட்டலத்தைப் பிரித்து, பாதி முட்டையின் பச்சையைப் பார்த்து ஒதுக்கி வைத்துவிட்டுப் போவார்கள். உன் அம்மாதான், பானையிலிருந்து உடனே எடுத்துப் பாருங்கள் என்று சொன்னாள். எடுத்துக் குழாய்த்தண்ணீரில் போட்டேன், வளையம் குறைந்தது, போகவில்லை. நம் ஊர்க் குழாய்த்தண்ணீரே வெதுவெதுப்பாகத்தானே வருகிறது, அதில் சூடான முட்டை விழுந்தால் கொஞ்ச நேரத்தில் அந்தத் தண்ணீரும் சூடாகிவிடும். அஞ்சடிக் கடையில் ஒரு பாக்கெட் ஐஸ் வாங்கிப் போட ஆரம்பித்த பிறகுதான் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

அதனால் அடுத்த முறை இப்படிச் செய். தண்ணீரை முதலில் நன்றாகக் கொதிக்க விடு. பி கிரேடு முட்டை, ஐஸ்பெட்டியில் வைக்காதது என்றால், கரண்டியால் ஒவ்வொன்றாக இறக்கி, மறுபடி கொதி வந்ததிலிருந்து பத்து நிமிஷம், நடுவில் துளி ஈரம்கூட வேண்டாம் என்றால் பதினொன்று. ஐஸ்பெட்டியிலிருந்து நேராக எடுத்தால் ஒரு நிமிஷம் கூட்டு, பெரிய ஏ கிரேடு என்றாலும் அப்படியே. உன் அடுப்புக்குப் பத்துப் பத்தாக இரண்டு தடவை அவிப்பதுதான் சரி, இருபதும் ஒன்றாக விழுந்தால் கொதி அடங்கி, திரும்பி வர நேரமாகும், அந்த இடைவெளியிலும் முட்டை வெந்துகொண்டேதான் இருக்கும், உன் கணக்கு தவறிவிடும். நேரம் முடிந்ததும் அரிகரண்டியால் அள்ளி, முன்னாலேயே தயாராக வைத்த ஐஸ் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிஷம் விடு. ஐஸ் கரைந்துவிட்டால் இன்னும் கொஞ்சம் போடு. ஒன்றை உரித்துப் பார், உள்ளே இன்னும் சூடாக இருந்தால் குளிர்ந்தது போதாது.

ஒன்று மட்டும் நேரத்துக்கும் ஐஸுக்கும் முழுசாகக் கட்டுப்படாது, அது பழைய முட்டை. முட்டை நாள் ஆக ஆக ஓட்டின் நுண்துளை வழியாக உள்ளிருக்கும் கரியமில வாயு கசிந்து போகும், வெள்ளையின் காரத்தன்மை கூடும், கூடினால் கந்தக வாயு இன்னும் எளிதாகக் கிளம்பும். தண்ணீரில் போட்டுப் பார், படுத்துக் கிடந்தால் புதுசு, அடியில் நிமிர்ந்து நின்றால் நாளானது. நிமிர்ந்து நிற்பது சாப்பிடக் கூடாதது என்று அர்த்தமில்லை, உரிக்கவும் அதுதான் சுலபம், புது முட்டையில் தோல் வெள்ளையோடு ஒட்டிக்கொண்டு வரும். நான் வாங்கி ஐந்தாறு நாள் ஆனதை எடுக்கிறேன்.

நீ சம்பலுக்காக அவித்தாய் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். வளையம் இல்லாமல் அழகாக அவித்து உரித்த முட்டையைக் கொதிக்கிற சம்பலில் போட்டு அரைமணி நேரம் சுண்ட வைத்தால் அதே சூடு, அதே வாயு, பச்சை அங்கே வந்துவிடும். மேலே சிவப்பாக இருப்பதால் வெட்டும்வரை யாருக்கும் தெரியாது. சம்பலைத் தனியாக எண்ணெய் பிரியும்வரை வதக்கி முடித்துவிடு, அடுப்பை அணைத்த பிறகு முட்டையைப் போட்டுப் புரட்டு. உள்ளே காரம் இறங்க வேண்டும் என்றால் வெள்ளையில் மட்டும் மெல்லிசாக இரண்டு மூன்று கீறல் போடு.

ஞாயிற்றுக்கிழமை லீவு என்றாயே, நாலு முட்டை மட்டும் அவித்துப் பார். பத்தாவது நிமிஷம் அடுப்பை அணைத்து, இரண்டை ஐஸில் போடு, மற்ற இரண்டை அந்தச் சுடுதண்ணீரிலேயே மூடி வைத்து அரைமணி கழித்து எடு. நாலையும் வெட்டி வரிசையாக வைத்து அம்மாவுக்கும் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்பு.

அன்புடன்,
அப்பா
சுங்கை சிப்புட்