தோல்முட்டைக்குச் சுண்ணாம்புத் தூள் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கால்நடைப் பகுதியில், "கோடையில் கோழிகள் தோல்முட்டை இடுகின்றன, என்ன செய்வது?" என்ற கேள்விக்குத் தீவனத்தில் சுண்ணாம்புத் தூள் கலக்கச் சொல்லிப் பதில் வந்திருந்தது. அது பாதி பதில்தான். கோழியின் உடலுக்குள் முட்டை எப்போது, எப்படி உருவாகிறது என்று பார்த்தால் மீதிப் பாதி தானாகப் புரியும்.

காலை எட்டு மணிக்கு ஒரு கோழி முட்டையிட்டது என்று வைத்துக்கொள்வோம். எட்டரை மணி வாக்கில் அதன் சினைப்பையிலிருந்து அடுத்த மஞ்சள் கரு விடுபடும். அந்தக் கரு அன்று உருவானதல்ல. கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் அனுப்பிய கொழுப்பும் புரதமும் ஒரு வாரத்துக்கு மேல் அதில் படிந்து வந்திருக்கின்றன. விடுபடும் நேரத்தில் சிறு ரத்தக்குழாய் ஏதாவது கிழிந்தால் கருவின் மேல் ரத்தப்பொட்டு தெரியும். சேவல் சேர்ந்ததால் வருவது அது என்று நினைத்துப் பலர் முட்டையையே கொட்டிவிடுகிறார்கள். பாவம்.

மஞ்சள் கருவை முட்டைக்குழாயின் விரிந்த வாய் பிடித்துக்கொள்கிறது. சேவலுடன் சேர்ந்த கோழியாக இருந்தால் கருவுறுவதும் அங்கேதான். கால் மணி, அரை மணியில் கரு அங்கிருந்து நகர்ந்து குழாயின் நீளமான பகுதிக்குள் நுழைகிறது. சுமார் மூன்று மணி நேரம் அதில் உருண்டபடியே போகும்போது கெட்டியான வெள்ளைக் கரு அதைச் சுற்றிப் படிகிறது. உருளுவதால் முறுக்கேறி உண்டாவதுதான் உடைத்த முட்டையில் நாம் பார்க்கும் வெள்ளை நூல். மஞ்சள் கரு நடுவிலேயே நிற்க அது உதவுகிறது. அடுத்த ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில், அவித்த முட்டையை உரிக்கும்போது கையோடு வருமே, அந்தச் சவ்வு இரண்டு அடுக்காக உருவாகிறது.

இப்போது மதியம் ஒரு மணி தாண்டியிருக்கும். முட்டை ஓட்டுச் சுரப்பிக்குள் வந்துவிட்டது. இனி சுமார் இருபது மணி நேரம் அதற்கு இங்கேதான் வாசம். முதல் சில மணி நேரம் சவ்வு வழியே நீர் உள்ளே இறங்கி, தொளதொளவென்று இருந்த முட்டை உப்பி வடிவம் பெறுகிறது. பொழுது சாய்கிற நேரத்தில் ஓடு வேகமாகப் படியத் தொடங்கி, வேலை இரவு முழுக்க நடக்கிறது. வெளியே வந்து காற்றுப் பட்டுத்தான் ஓடு இறுகும் என்பது தவறு. ஈரமாக வந்து காய்வது மேலே பூசப்படும் மெல்லிய படலம் மட்டுமே.

சிக்கல் இந்த இரவில்தான் இருக்கிறது. ஒரு முட்டை ஓட்டின் எடை ஐந்து, ஆறு கிராம். அதில் சுண்ணாம்புச்சத்து மட்டும் இரண்டு கிராமுக்குக் குறையாது. கோழியோ இரவில் இரை எடுப்பதில்லை. காலையில் கொடுத்த தூள் சீக்கிரமே குடலைக் கடந்துவிடும். குறைந்ததை ஈடுகட்ட, கோழி தன் கால் எலும்புகளுக்குள் சேர்த்து வைத்திருக்கும் இருப்பைக் கரைத்துக் கொடுக்கிறது. நாள்தோறும் இப்படியே போனால் ஓடும் மெலியும், எலும்பும் பலமிழக்கும். அதனால் கொரகொரப்பான கிளிஞ்சலைப் பிற்பகலில் தனியாக வைப்பதே நல்லது. அது இரைப்பையில் தங்கி இரவெல்லாம் மெல்லக் கரையும்.

சரி, கிளிஞ்சலும் கொடுத்தாயிற்று, சித்திரை வெயிலில் அப்புறமும் தோல்முட்டை வருகிறதே? ஓடு என்பது கால்சியம் கார்பனேட். அதன் கார்பனேட் பங்கு, ரத்தத்தில் உள்ள கரியமில வாயுவிலிருந்து வர வேண்டும். வெயில் தாங்காத கோழி வாயைத் திறந்து மூச்சிரைக்கும்போது அந்த வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. போதாததற்கு அது தீவனத்தையும் குறைத்துவிடும். அங்கே எவ்வளவு சுண்ணாம்பு கொட்டினாலும் பயன் குறைவு. நிழலும், குளிர்ந்த தண்ணீரும், விடியற்காலையிலும் மாலையிலும் தீவனமும்தான் மருந்து.

எது காரணம் என்று பண்ணையைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். வயதான ஒன்றிரண்டு கோழிகள் மட்டும் மெல்லிய ஓடு இட்டால் அது வயதின் இயல்பு. முட்டை பெரிதாகிறது, ஓட்டுக்கான சுண்ணாம்பு அந்த அளவுக்குக் கூடுவதில்லை. கடும் வெயில் நாட்களில் எல்லாக் கோழிகளும் சேர்ந்து இட்டால் வெப்பம். வெயிலே இல்லாதபோது முட்டை குறைந்து, ஓடு சுருங்கி வரிவரியாகவும், உடைத்தால் வெள்ளைக் கரு தண்ணீராகவும் இருந்தால் மூச்சுக்குழல் அழற்சி வைரஸைச் சந்தேகிக்க வேண்டும். அதற்குத் தீவனத்தை மாற்றிக்கொண்டு நாளைக் கடத்தாமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். இந்த வேறுபாட்டையும் அடுத்த இதழில் வெளியிட்டால், கேள்வி கேட்ட வாசகருக்கு முழுப் பதில் கிடைக்கும்.

இப்படிக்கு,
கோழி வளர்க்கும் வாசகர்,
நாமக்கல் மாவட்டம்