ஆடு தின்றதை எந்தப் படத்திலும் காட்டவில்லை: பயிற்சித்தாள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சித்தாள் தயாரிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். நான் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. சென்ற மாதம் நீங்கள் அனுப்பிய தமிழ் மதிப்பீட்டுத் தாளில் ஐந்தாவது கேள்வி பற்றி எழுதுகிறேன். நான்கு படங்களைப் பார்த்து 1, 2, 3, 4 என்று எண் போடச் சொன்னீர்களே, அந்தக் கேள்வி. என் வகுப்பில் 19 பிள்ளைகள் எழுதினார்கள். உங்கள் விடைக்குறிப்பின்படி 6 பேருக்குத்தான் மதிப்பெண். மீதி 13 பேருக்கும் நான் செயலியில் பூஜ்யம் பதிந்தேன். அதில் 12 பூஜ்யங்களை என் மனசு ஒப்பவில்லை.

படத்தின் மேல் எனக்குக் குறையே இல்லை. வரைந்தவர் பிள்ளைகளை அறிந்தவர். ஒரு தாத்தா கையில் பசை வாளியோடு சுவரில் மயில் படம் போட்ட சுவரொட்டியை ஒட்டுகிறார். இன்னொரு படத்தில் தாத்தா இல்லை, ஓர் ஆடு அந்தச் சுவரொட்டியை அண்ணாந்து பார்க்கிறது. இன்னொன்றில் சுவர் வெறுமையாக இருக்கிறது, தாத்தா தலையைச் சொறிகிறார். கடைசிப் படத்தில் ஆடு மர நிழலில் படுத்து எதையோ மெல்லுகிறது. இதுதான் உங்கள் வரிசை. ஆடு சுவரொட்டியைத் தின்பதை நான்கில் ஒரு படத்திலும் காட்டவில்லை. அது இரண்டு படங்களுக்கு நடுவே உள்ள வெள்ளை இடத்தில் நடக்கிறது. அதைப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க இரண்டு தடயங்களையும் ஓவியர் வைத்திருக்கிறார். வெறும் சுவரின் மூலையில் கிழிந்த காகிதத் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதில் மயிலின் கால் தெரிகிறது. ஆட்டின் வாயோரம் தொங்கும் துண்டில் தோகைக் கண் ஒன்று இருக்கிறது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நீங்கள் அனுப்பிய கோப்பைக் கைப்பேசியில் விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். என் பிள்ளைகள் பார்த்தது அதை அல்ல. வண்ணத்தில் வரைந்த படம் எங்களுக்கு ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் பிரதியாக வந்தது. அதைக் கடைத்தெருவில் 19 ஜெராக்ஸ் எடுத்தோம். பச்சையும் நீலமும் சாம்பலாகி, சாம்பல் கறுப்பாகிவிட்டது. சுவர் மூலைத் துண்டு சுவரின் நிழலோடு கலந்து போயிற்று. ஆட்டின் வாயில் இருந்தது ஒரு கறுப்புத் திட்டு. அதைப் பார்த்து "இலை" என்றான் ஒருவன். நானும் அந்தத் தாளை மட்டும் பார்த்திருந்தால் இலை என்றுதான் சொல்லியிருப்பேன்.

இப்போது பூஜ்யம் வாங்கிய 13 பேரில் ஏழு பிள்ளைகளின் விடையைப் பாருங்கள். வெறும் சுவர்ப் படத்துக்கு 1 போட்டார்கள். அப்புறம் தாத்தா ஒட்டுகிறார், ஆடு பார்க்கிறது, ஆடு படுத்து இலை மெல்லுகிறது. தாத்தா வெறும் சுவரைப் பார்த்து எங்கே ஒட்டலாம் என்று யோசிக்கிறார், பிறகு ஒட்டுகிறார். அவர்கள் கையில் இருந்த தாளுக்கு இதில் என்ன தவறு? சுவர் மூலையில் மயில் கால் தெரிந்திருந்தால் இந்த வரிசை நிற்காது. ஒட்டாத சுவரொட்டியின் துண்டு சுவரில் எப்படி இருக்கும் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், பிள்ளையே எண்ணை மாற்றிப் போட்டுவிடும். அந்தத் தடயத்தை அழித்துவிட்டு, பிள்ளை கண்டுபிடிக்கவில்லை என்று பூஜ்யம் போடச் சொல்கிறீர்கள்.

இன்னும் ஐந்து பேர் வேறு மாதிரி எழுதினார்கள். ஒட்டுதல், ஆடு பார்த்தல், ஆடு மெல்லுதல், கடைசியில் தாத்தா தலையைச் சொறிதல். அதில் ஒரு சிறுமியைக் கூப்பிட்டு, ஏன் இப்படிப் போட்டாய் என்று கேட்டேன். "ஆடு முதல்ல தின்னாத்தானே டீச்சர் சுவர் காலியாகும்? தாத்தா வர்றதுக்குள்ள அது போய்ப் படுத்துக்கிச்சு" என்றாள். வாயில் இருப்பது இலை மாதிரி இருக்கிறதே என்றேன். "பசையை மைதா மாவுல காய்ச்சுவாங்க டீச்சர். எங்க ஆடு சுவத்துல ஒட்டுன எதையும் விடாது" என்றாள். மங்கிப்போன படத்தில் இல்லாத தடயத்தைத் தன் வீட்டு ஆட்டை வைத்து அவள் நிரப்பிக்கொண்டாள். அவளுக்கும் பூஜ்யம்தான்.

ஐயா, அம்மா, விடைக்குறிப்பு எழுதியவர் இரண்டு விஷயங்களை ஒன்றாக்கிவிட்டார் என்று நினைக்கிறேன். நடந்த வரிசை வேறு, சொல்லும் வரிசை வேறு. உங்கள் வரிசையில் நாமும் தாத்தாவோடு சேர்ந்து குழம்புகிறோம், கடைசிப் படத்தில் ஆட்டைப் பார்த்ததும் "அட!" என்று சிரிக்கிறோம். அந்தச் சிறுமியின் வரிசையில் நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது, தாத்தாவுக்குத் தெரியவில்லை. அவர் தலையைச் சொறிவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். இரண்டும் சிரிப்புத்தான், இரண்டும் சரியான கதைதான். அதனால் என் கோரிக்கை ஒன்றுதான். படத்தில் உள்ளதைக் காட்டிக் காரணம் சொல்ல முடிகிற எந்த வரிசையையும் சரி என்று ஏற்றுக்கொள்ளுங்கள்.

எதையும் சரி என்று சொல்லிவிடலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். வேண்டாம். மீதி இருந்த ஒரு பையன் ஆடு பார்ப்பதை முதலில் போட்டு, அடுத்துத் தாத்தா ஒட்டுவதைப் போட்டான். ஆடு எதைப் பார்க்கிறது என்று கேட்டேன், சுவரொட்டியை என்றான். யார் ஒட்டியது என்றேன், பேசாமல் நின்றான். அவன் வரிசையைப் படமே மறுக்கிறது. அவனுக்குப் பூஜ்யம் போட எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அவன் எங்கே சறுக்கினான் என்று எனக்குச் சொன்னது அவன் போட்ட எண் அல்ல, அவன் பேச்சுதான். கதையைச் சொல்லச் சொன்னபோது "ஒரு ஆடு இருக்கு. ஒரு தாத்தா இருக்காரு. ஒரு தாத்தா நிக்கிறாரு. ஒரு ஆடு படுத்திருக்கு" என்றான். நான்கு படத்துக்கும் "ஒரு". இரண்டு ஆடு, இரண்டு தாத்தா என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். "அந்த ஆடு", "அதே தாத்தா" என்று சொல்ல ஆரம்பிக்கும் நாளில்தான் நான்கு படமும் அவனுக்கு ஒரே கதையாகும். "அப்புறம்" என்று மட்டும் கோக்கும் பிள்ளைக்கு வரிசை வந்துவிட்டது. "அதனால", "அதுக்குள்ள" என்று சொல்லும் பிள்ளைக்குக் காரணமும் வந்துவிட்டது. இதையெல்லாம் காதால்தான் கேட்க முடியும். நான்கு எண்களைப் பதியும் உங்கள் செயலியில் இதற்கு ஒரு வரி இடம்கூட இல்லை.

மறுநாள் அந்த நான்கு படங்களையும் சார்ட்டில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக நானே வரைந்து எடுத்துப் போனேன். தோகைக் கண்ணைப் பிள்ளைகளின் உள்ளங்கை அளவுக்குப் போட்டேன். முதலில் ஒட்டும் படத்தையும் ஆடு பார்க்கும் படத்தையும் மட்டும் காட்டினேன். என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டேன், கதை கேட்கவில்லை. கதையை உடனே கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள், படத்தைப் பார்க்க மாட்டார்கள். அப்புறம், அடுத்து என்ன நடக்கும் என்றேன். "தாத்தா வந்து விரட்டுவாரு" என்றார்கள் பாதிப் பேர். வெறும் சுவர்ப் படத்தைத் திறந்தேன். வகுப்பு அமைதியானது. "காத்துல பறந்துடுச்சு" என்றான் ஒருவன். எதை வைத்துச் சொல்கிறாய் என்றேன். அவன் எழுந்து வந்து பார்த்து, மூலையில் இருந்த மயில் காலைத் தொட்டு, "இல்ல, கிழிஞ்சிருக்கு" என்றான். கடைசிப் படத்தைத் திறந்தபோது முன்வரிசையில் தொடங்கிய சிரிப்பு பின்வரிசை வரை போயிற்று.

சிரித்தவர்கள் எல்லாருக்கும் புரிந்தது என்று நான் நம்பவில்லை. ஆட்டின் முகம் வேடிக்கையாக இருக்கிறது என்று சிரிப்பவர்களும் இருப்பார்கள். அதனால் கேட்டேன், சுவரொட்டி எங்கே போச்சுன்னு உனக்குத் தெரியுமா? தாத்தாவுக்குத் தெரியுமா? "எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது" என்று சொன்ன பிள்ளைகளுக்கு நகைச்சுவை புரிந்திருக்கிறது. நான்கு பேர் "அவருக்கும் தெரியும்" என்றார்கள். தாத்தா தலையைச் சொறியும் படத்தை அவர்களோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தோம். கடைசி இரண்டு படங்களையும் இடம் மாற்றி ஒட்டி, எது ரொம்பச் சிரிப்பு என்று கேட்டதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது.

இதற்கு 40 நிமிடம் ஆயிற்று. அன்றைக்குப் பார்வையிட வந்த அலுவலர் நோட்டுகளைப் புரட்டிவிட்டு, இந்தப் பாடவேளைக்கு எழுத்து வேலை எங்கே என்று கேட்டார். பேசினோம் என்றேன். பதிவேட்டில் குறை எழுதிவிட்டுப் போனார். அவரையும் நான் தப்புச் சொல்ல மாட்டேன், அவர் கையில் இருந்த படிவத்தில் பேசுவதற்குக் கட்டம் இல்லை. ஆனால் எட்டு வயதுப் பிள்ளை யோசித்ததெல்லாம் நோட்டில் இருந்தால்தான் கணக்கு என்றால், யோசிக்கிற பிள்ளையை விடக் கையெழுத்து வேகமாக வருகிற பிள்ளைதான் எங்களுக்குக் கெட்டிக்காரப் பிள்ளை ஆகும். அடுத்த தாளில் படத்துக்குக் கீழே "இக்கதையின் நீதி யாது?" என்று வேறு வருகிறது. ஆடு சுவரொட்டியைத் தின்றதில் என்ன நீதி சொல்வது? இந்த ஆட்டுத் தாளுக்கு முந்தைய தாளில் பாட்டி வடை சுட்ட கதையைத் துண்டு போட்டுக் கொடுத்திருந்தீர்கள். 19 பேரும் சரியாக எழுதினார்கள். படத்தைப் பார்க்காமலே எழுதினார்கள், ஏனென்றால் அது அவர்களுக்கு மனப்பாடம். அந்தத் தாளில் எல்லாரும் தேறிவிட்டார்கள் என்று உங்கள் அறிக்கையில் இருக்கும்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது இதுதான். படத்தைக் காட்டிக் காரணம் சொன்னால் அந்த வரிசையை ஏற்றுக்கொள்ளுங்கள். செயலியில் எண்ணுக்குப் பக்கத்தில், பிள்ளை சொன்ன காரணத்தை ஆசிரியர் பதிய ஒரு வரி இடம் கொடுங்கள். அப்புறம், வண்ணப் படத்துக்குப் பதிலாகத் தடித்த கோட்டோவியமாக அனுப்புங்கள், கோடு ஜெராக்ஸில் அழியாது. தடயத்தைப் பிள்ளையின் நகத்தை விடச் சிறிதாக வரைய வேண்டாம் என்று ஓவியரிடம் சொல்லுங்கள். அனுப்புவதற்கு முன் ஏதாவது ஒரு கடையில் ஒரு தாளை ஜெராக்ஸ் எடுத்து, அந்தப் பிரதியை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, அதில் மயில் தெரிகிறதா என்று பாருங்கள்.

செயலியில் திருத்துவதற்கு இந்த மாதக் கடைசி வரை அவகாசம் இருப்பதாகச் சொல்கிறார்கள். அந்தச் சிறுமியும் அவளோடு சேர்ந்த நான்கு பேரும் போட்ட வரிசையைச் சரி என்று மாற்றவும், ஏழு பேருக்குத் தெளிவான தாளில் மறுபடி கேட்கவும் அனுமதி தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தெளிவான தாளை நானே வரைந்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மூன்றாம் வகுப்பு ஆசிரியை