தமிழ் – வங்காளம் பேச்சுப் பயிற்சி

எல்லோருக்கும் வணக்கம். கொல்கத்தாவிலிருந்து வந்து நம் டீமில் சேர்ந்திருக்கும் தாதா தமிழ் பேசப் பழக விரும்புகிறார். வங்காளத்தில் ‘தாதா’ என்றால் அண்ணன். பதிலுக்கு நமக்கு வங்காளம் சொல்லித் தரலாம். வரும் திங்களே தொடங்குவோமா?

1. திங்கள் மாலை 5.30, கேன்டீன்: 20 நிமிடம் தமிழ். டீக்கடை, ஆட்டோ, பஸ் பேச்சு மட்டும், எழுத்து அப்புறம்.
2. புதன், அதே நேரம்: 20 நிமிடம் வங்காளம்.
3. வெள்ளி மதியச் சாப்பாடு: முழுக்கத் தமிழ். புரியாவிட்டால் மெதுவாகத் திரும்பச் சொல்லுங்கள், ஆங்கிலத்துக்குத் தாவாதீர்கள்.
4. வங்காளத்தில் ‘வ’ ஒலி இல்லை. ‘வாங்க’ என்பது, ‘பஸ்’ஸில் வரும் ‘ப’ போல, ‘பாங்க’ என்று வரலாம். பேசி முடித்த பிறகு திருத்துங்கள்.

தாதா, இது உங்களுக்குச் சரியா? (இதையே குரல்பதிவாகவும் அனுப்புகிறேன்.) மற்றவர்கள் ஞாயிறு இரவுக்குள் பெயரும் வரும் கிழமையும் போடுங்கள்.