திடீர் விருந்துக்கு அரிசி பருப்பு சாதம்

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள கண்ணுக்கு,

இரவு எட்டு மணிக்கு மூவர் வந்து நின்றதும் கடையில் வாங்கிக் கொடுத்து அனுப்பியதாகச் சொன்னாய். உன் வீட்டில் அரிசியும் துவரம் பருப்பும் இருந்திருக்குமே என்றுதான் எனக்குத் தோன்றியது. இனி அப்படி யாராவது வந்தால் நம் ஊர் அரிசி பருப்பு சாதத்தைச் செய்துவிடு. காய்கறி வேண்டியதில்லை, முக்கால் மணி நேரத்தில் இலை போட்டுவிடலாம்.

உன்னையும் சேர்த்து நால்வருக்கு இரண்டு டம்ளர் புழுங்கல் அரிசியும் அரை டம்ளர் துவரம் பருப்பும் போதும். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்த கையோடு இரண்டையும் கழுவி, தனித்தனியாக வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவிடு. அரிசியை விடப் பருப்பு வேக அதிக நேரமாகும் என்பதால் இந்த ஊறலை மட்டும் விட்டுவிடாதே. ஒருமுறை உன் சின்ன மாமா பழனியிலிருந்து திரும்பும் வழியில் வந்தபோது, டப்பாவின் அடியில் கிடந்த பழைய பருப்பை அவசரத்தில் அப்படியே போட்டேன். அரிசி குழைந்துவிட்டது, பருப்போ பல்லில் சரளைக் கல்லாகக் கடிபட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது. அன்று முதல் ஊறிய பருப்பொன்றை நகத்தால் கிள்ளிப் பார்க்கிறேன். நகம் இறங்காவிட்டால் பருப்பை மட்டும் முதலில் இரண்டு விசில் விட்டெடுத்து, பிறகுதான் அரிசியைச் சேர்ப்பேன்.

ஊறும் நேரத்தில் குக்கரில் கடலை எண்ணெயைக் காயவைத்துக் கடுகு, சீரகம், நான்கு வரமிளகாய், கறிவேப்பிலை போட்டுத் தாளித்து, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயத்தையும் தட்டிய ஆறேழு பூண்டுப் பற்களையும் வதக்கு. வெங்காயம் நிறம் மாறியதும் மஞ்சள் தூளும் உப்பும் சேர்த்து, ஆறரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, அடியில் ஒட்டியிருப்பதைக் கரண்டியால் சுரண்டிக் கரைத்துவிடு. அதை விட்டால் அடிபிடிப்பது அந்த இடத்தில்தான். தண்ணீர் கொதித்த பின், வடித்த அரிசியையும் பருப்பையும் போட்டு மூடி, மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைத்துவிடு.

ஆவி தானாக அடங்கும் வரை காத்திரு. திறந்ததும் மேலே கொஞ்சம் தண்ணீர் நின்றால் பதறாதே; மெல்லக் கிளறி ஐந்து நிமிடம் மூடி வைத்தால் சாதம் இழுத்துக்கொள்ளும். ஆறினால் இறுகிவிடும் என்பதால் கரண்டியிலிருந்து தளர்ந்து விழும் பதத்திலேயே பரிமாற வேண்டும். இறுகிவிட்டால் கொதிநீரை மட்டும் தெளித்துக் கிளறு.

சூடான சாதத்தின் மேல் நெய் விட்டு, ஊறுகாயோ சுட்ட அப்பளமோ வைத்துவிடு. நெய் டப்பாவைப் போன வாரம் பேருந்தில் கொடுத்தனுப்பினேன்; தீர்ந்துவிட்டால் சொல்.

அன்புடன்,
அம்மா