கையில ஸ்பானர் இல்லாத வேலை

டேய் பழனி,

மாசக்கணக்கா ஒரு போன்கூட இல்லையேன்னு நீ திட்டுறதுக்கு முன்னாடி சொல்லிடறேன்: என்னை மெயின்டனன்ஸ் மேனேஜர் ஆக்கிட்டாங்க. நீ சிரிக்கிறது தண்டையார்பேட்டை வரைக்கும் கேக்குது. அம்மா நல்லா இருக்காங்க, முட்டி வலி அப்படியேதான். மணலி ரோடும் அப்படியேதான், கன்டெய்னர் லாரி பின்னாடி நின்னே ஆயுசு போகுது.

அலைன்மென்ட் பாக்கறதுல கெட்டிக்காரன்னுதான் இந்த நாற்காலி குடுத்தாங்க. உக்காந்தப்புறம் அந்த வேலையை நான் செய்யக்கூடாதாம்! நியாயம்தான். நான் ஒரு பம்பைப் பிடிச்சா ஒரு பம்ப் சரியாகும், மத்தவங்க என் மூஞ்சியைப் பாத்துட்டு நிப்பாங்க.

அதுக்காக வேலையைக் குடுத்துட்டு ஒதுங்கவும் முடியாது. போன வாரம் கூலிங் வாட்டர் பம்ப் ஒண்ணுல அதிர்வு செகண்டுக்கு 7 மி.மீ. புதுப் பையன் தினேஷ்கிட்ட குடுத்தேன். குடுக்கும்போதே பேசிக்கிட்டோம்: 2.8க்குக் கீழே வந்தாத்தான் வேலை முடிஞ்சது. எப்படிச் செய்யறதுங்கறது அவன் பாடு. ஆனா கப்ளிங் மாட்டறதுக்கு முன்னாடி ரீடிங்கோட என்கிட்ட வரணும்.

வந்தான். "போல்ட்டை இறுக்குறப்பல்லாம் ரீடிங் மாறுது சார்." சாஃப்ட் ஃபுட்! எனக்குக் கை அரிக்குது. வாயை மட்டும் திறந்தேன்: "மோட்டார் கால்ல டயல் கேஜ் வெச்சு, ஒவ்வொரு போல்ட்டாத் தளத்திப் பாத்தியா?" போனான். ஒரு கால் 0.15 மி.மீ. எழும்புது. ஷிம் வெச்சு, முதல்லேர்ந்து அலைன்மென்ட் பாத்து, பொழுது சாய 2.1 காட்டினான். நான் செஞ்சிருந்தா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிருக்கும். ஸ்டாண்ட்பை பம்ப் ஓடினதால பொறுத்தேன். அது இல்லேன்னா நானே இறங்கியிருப்பேன், சத்தியமா.

இதையே ஏழுமலை அண்ணன்கிட்ட செஞ்சா அசிங்கம். அலைன்மென்ட்ல அவரை யார் கேக்கறது? நம்ம ரெண்டு பேர் காதையும் திருகிக் கத்துக்குடுத்தவரு. ஆனா ஷட்டவுனுக்கு ஸ்பேர் லிஸ்ட் போடறது அவருக்குப் புதுசு. எந்த சீல் வர எத்தனை வாரம் ஆகும், எதை இப்பவே ஆர்டர் பண்ணணும்னு தினம் சாயங்காலம் அவரோட உக்காந்து பாக்கறேன். ஒரே ஆள்தான், ஒரு வேலைக்குக் கேள்வியே வேணாம், இன்னொண்ணுக்குக் கூடவே இருக்கணும். வயசு, சர்வீஸ் எதுவும் இதுல கணக்கே இல்ல.

மண்டைக்குப் புரியுது. நாக்குதான் ஒட்டிக்குது, "அண்ணே, லிஸ்ட்டைக் காட்டுங்க"ன்னு சொல்லும்போது.

இன்னொண்ணு. நான் டீக்கடைக்குப் போனா பேச்சு நின்னுடுது. பேரிங் சத்தம் போடறதுகூட எனக்குக் கடைசியாத்தான் தெரியுது. அதனால வாரம் அரை மணி நேரம் ஒவ்வொருத்தரோடயும் தனியா உக்காரறேன். "எல்லாம் ஓகேவா?"ன்னு கேட்டா, "ஓகே சார்." அவ்வளவுதான். "இந்த வாரம் எது இழுத்துக்கிட்டிருக்கு?"ன்னு கேட்டாத்தான் ஸ்டோர்ஸ்ல கேஸ்கெட் இல்லாத கதையெல்லாம் வெளியே வருது.

நேத்து அண்ணன் என்னை "சார்"னு கூப்பிட்டாருடா. கிண்டலா, நெசமாவான்னு தெரியல. ஒசூர்ல உன் பழைய ஃபோர்மேன் உனக்குக் கீழே வந்தப்ப நீ என்ன பண்ணே? ஜோக் அடிக்காம எழுது.

உன்
அசோக்