மாப்பிள்ளைக்கு ஒரு வரி போடு

அம்மாடி,

அம்மா அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்ததா? மக்ரூன் டப்பாவை நடுவில் வைத்து, சுற்றிலும் பாப்பாவின் பாவாடைகளைத் திணித்து அனுப்பினாள். நொறுங்கியிருந்தால் சொல்லாதே, வருத்தப்படுவாள். பாப்பாவுக்கு இருமல் விட்டதா? போனில் கேட்டால் "நல்லா இருக்கோம்ப்பா" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளையின் கப்பல் எங்கே போகிறது என்று நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கப்பல் இருக்குமிடம் காட்டும் வலைத்தளத்தில் கடைசியாகத் தெரிந்தது தென்னாப்பிரிக்கக் கரையோரம். நடுக்கடலுக்குப் போய்விட்டால் இலவசமாகப் பார்ப்பவர்களுக்கு அது காட்டாது. பிரேசிலில் இரும்புத்தாது ஏற்றிய கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சீனா போய்ச் சேர ஏறக்குறைய 40 நாள் ஆகும். மணிக்கு 12, 13 கடல் மைல்தான் ஓடும். என் கணக்கில் இப்போது மொரீஷியஸ் பக்கம் இருப்பார்.

நீ ராத்திரி ஒன்பதரைக்குக் கூப்பிடுவாய் என்று அம்மா சொன்னாள். பாப்பா தூங்கினால்தான் உனக்கு நேரம், அது எனக்குத் தெரியும். வேலைக்கும் போய், அந்த வீட்டையும் ஒற்றை ஆளாக நடத்துகிறாய். இங்கே யார் கேட்டாலும் அதைத்தான் பெருமையாகச் சொல்கிறேன். ஆனால் அந்த ஒன்பதரையைக் கொஞ்சம் கப்பல் கடிகாரத்தில் வைத்துப் பார். மாப்பிள்ளை செகண்ட் ஆஃபீஸர். பகல் 12 முதல் 4 வரையும், நள்ளிரவு 12 முதல் 4 வரையும் அவருக்கு வாட்ச், அதாவது கப்பலை நடத்தும் பிரிட்ஜ் அறையில் நின்று பார்க்கும் முறை. பிரேசில் கரையில் நங்கூரம் போட்டு நின்றபோது உன் ஒன்பதரை அவருக்குப் பகல் ஒரு மணி. பிரிட்ஜில் நிற்கும் ஆள் போனை எடுக்க மாட்டார், எடுக்கவும் கூடாது. கேப் டவுன் பக்கம் வந்தபோது அதே ஒன்பதரை மாலை ஆறு மணி. சாப்பிட்டுவிட்டு உட்காரும் நேரம், அந்த வாரம் பேசியிருப்பீர்கள். இப்போது ராத்திரி எட்டு. நடுராத்திரி வாட்சுக்கு எழ வேண்டும் என்று படுத்திருப்பார். சீனா பக்கம் போனதும் சரியாக நள்ளிரவு, மறுபடியும் வாட்ச். கிழக்கே போகப் போக 15 பாகைக்கு ஒரு மணி நேரம் என்று கப்பல் கடிகாரத்தை முன்னால் தள்ளிக்கொண்டே போவார்கள். நீ ஒரே நேரத்தில் கூப்பிட்டாலும் அவருக்கு அது ஒவ்வொரு வாரமும் வேறு நேரம். எடுக்கவில்லை என்பதற்கு இதைத் தவிர வேறு காரணம் தேடாதே.

கப்பலில் நெட் கொடுக்கச் சட்டமே வந்துவிட்டதே என்று நீ பொங்கலுக்கு வந்தபோது சொன்னாய். உண்மைதான். மாலுமிகளுக்கான சர்வதேச ஒப்பந்தத்தில் அந்தத் திருத்தம் 2024 டிசம்பரில் அமலுக்கு வந்தது. ஆனால் அதில் இருப்பது 'நியாயமாக இயன்ற அளவுக்கு' என்றுதான். தாழ்வாகப் பறக்கும் புது செயற்கைக்கோள்களை வைத்துப் பல கப்பல்களில் இப்போது வீட்டில் போலவே பேசுகிறார்கள். மாப்பிள்ளையின் கப்பலில் பழைய ஏற்பாடுதான். பிரிட்ஜுக்கு மேலே வெள்ளைக் குடம் மாதிரி ஒரு டோம், அதற்குள் ஆன்டெனா. செயற்கைக்கோள் கப்பலுக்கு நேர் பின்னால் வரும் திசையில் ஓடினால் புகைபோக்கி மறைத்துவிடும். கப்பல் திசை மாற்றும் வரை ஒன்றும் வராது. வந்தாலும் ஆளுக்கு மாதம் இவ்வளவு டேட்டா என்று அளந்துதான் கொடுப்பார்கள். பாப்பா ஆடிய வீடியோ ஒன்றைத் தரவிறக்கினால் அந்த வாரத்துக்கு அவர் கை காலி. ஒரு படத்துக்கு ஆகும் டேட்டாவில் எழுத்தாக ஆயிரக்கணக்கில் அனுப்பலாம். படங்களைச் சேர்த்து வை. சிங்கப்பூர் நீரிணையைக் கடக்கும்போது கரைச் சிக்னல் கிடைக்கும், அப்போது அனுப்பு.

குரல் அழைப்பு கிடைத்தாலும் அதில் ஒரு கெடுதல் உண்டு. அந்த செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. நீ பேசியது மேலே போய்க் கீழே வந்து, அவர் பதிலும் அதே வழியில் திரும்ப அரை விநாடிக்கு மேல் ஆகிவிடும். நீ ஒன்று கேட்கிறாய், சத்தமில்லை, சரி என்று அடுத்ததைத் தொடங்குகிறாய், அதே நேரம் அவர் பதில் வந்து மோதுகிறது. இருவரும் நிறுத்துகிறீர்கள், இருவரும் மறுபடி ஒரேயடியாகத் தொடங்குகிறீர்கள். அந்த அரை விநாடி மௌனத்தை "பதில் சொல்லத் தயங்குறார்" என்று எடுத்துக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கோபமோ கணக்குவழக்கோ இருந்தால் அந்த லைனில் பேசவே பேசாதே. எழுது.

எழுதுவது எப்படி என்று சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. உன் சின்ன வயதில் நான் ரேடியோ ஆஃபீஸர். 1999 பிப்ரவரியில் புதுப் பாதுகாப்பு முறை முழுதாக வந்து மோர்ஸ் போகும் வரை, கப்பலில் இருந்த அத்தனை பேருக்கும் வீட்டுச் செய்தி என் காது வழியாகத்தான் வந்தது. கரை நிலையம் குறித்த நேரத்தில் பட்டியல் வாசிக்கும். யாருக்குச் செய்தி காத்திருக்கிறதோ அந்தக் கப்பல்களின் அழைப்புக் குறி மட்டும் வரும். அந்த நேரத்தில் ரேடியோ ரூம் வாசலில் ஏதோ வேலை இருப்பதுபோல நாலு பேர் நிற்பார்கள். நான் ஹெட்போனைக் கழற்றும்போது என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு, விலாசமும் அதில் சேர்த்தி. அதனால் வருவதெல்லாம் ஐந்தாறு சொல். எல்லோரும் நலம், பையன் பாஸ், பணம் வந்தது, அவ்வளவுதான். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனவன் அடுத்தது வரும் வரை தெம்பாக இருப்பான். நீளமாக வரவில்லையே என்று யாரும் குறைப்பட்டதில்லை. வாராவாரம் வருவது ஒரு வாரம் வராமல் போனால்தான் தாங்க மாட்டார்கள்.

ஒரு ஃபிட்டர் இருந்தார். அவர் மனைவி சனிக்கிழமைதோறும் தந்தி கொடுப்பார். ஒரு சனிக்கிழமை வரவில்லை. மறுபடி கேளுங்கள் என்றார். கேட்டேன், உங்களுக்கு ஒன்றும் இல்லை என்றது நிலையம். நாலு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு தெரிந்தது, அந்த ஊரில் மழை வெள்ளம், தபாலாபீஸ் திறக்கவில்லை. அந்த அம்மாள் மேல் தப்பில்லை. ஆனால் உனக்குச் சொல்கிறேன், வழக்கமாக வரும் செய்தி நின்றால் அந்த இடைவெளியை அவர் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்வார். அதனால் தினமும் எழுத முடியாவிட்டால் தினமும் என்று தொடங்காதே. இரண்டு நாளைக்கு ஒன்று என்றால் அதையே பிடித்துக்கொள். ஊருக்குப் போகிறாய், ஆபீஸில் வேலை அதிகம் என்றால் முன்கூட்டியே "வியாழன் வரை செய்தி வராது" என்று ஒரு வரி போட்டுவிடு. அப்புறம் நீ எழுதாதது அவரை ஒன்றும் செய்யாது.

ஒவ்வொன்றுக்கும் நம்பர் போடு. நாங்கள் தந்திக்குப் போட்டதுபோல 1, 2, 3 என்று. இணைப்பு வந்ததும் நாலைந்து நாள் செய்தி மொத்தமாக வந்து விழும். அவர் "சரி, அப்படியே செய்" என்று பதில் போட்டால் எதற்குச் சரி? வீட்டுக் கடன் தவணைக்கா, பாப்பாவை வேறு ஸ்கூலில் சேர்ப்பதற்கா? "12-க்கு சரி" என்றால் குழப்பமில்லை. ஒரு டிக் மட்டும் தெரிந்தால் அவர் போனுக்கே போகவில்லை என்று அர்த்தம். அதைப் பார்த்து மனதைக் கெடுத்துக்கொள்ளாதே. 30 நாளுக்குள் அவர் போன் ஒருமுறை இணைந்தால் போதும், வந்துவிடும். அதற்கு மேல் போனால் வாட்ஸ்அப் அதை அழித்துவிடும். ஒரு மாதம் ஒற்றை டிக்காகவே நின்றது இருந்தால் அதை மட்டும் திரும்பப் போடு.

இன்னொன்று. கெட்ட செய்தியைப் பாதியில் விடாதே. போன மாதம் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது "ரொம்ப முக்கியம், உடனே கூப்பிடுங்க" என்று போட்டாயாமே. அது அவருக்குக் கிடைத்தபோது வாட்சுக்கு ஏற இருந்தார். அப்புறம் லைன் போய்விட்டது. அந்த நாலு மணி நேரம் பிரிட்ஜில் எப்படி நின்றாரோ. அதையே இப்படி எழுதியிருக்கலாம்: "9. பாப்பாவுக்கு ராத்திரி காய்ச்சல் 101. மருந்து கொடுத்தேன், காலையில் 99. நன்றாகச் சாப்பிட்டாள். நாளைக்கும் இருந்தால் டாக்டரிடம் போவேன். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை." என்ன ஆயிற்று, இப்போது எப்படி, அடுத்து என்ன, அவர் செய்ய ஏதாவது உண்டா, இந்த நாலும் இருந்தால் போதும். நாலில் கடைசிதான் முக்கியம். அத்தனை தூரத்தில் இருப்பவருக்குக் கையைக் கட்டிப்போட்டதுபோல இருக்கும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். மாப்பிள்ளை எனக்கு எழுதினார். உன்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை, அவர் அப்படிப்பட்டவரும் இல்லை. "மாமா, அவ கொஞ்ச நாளா எழுதறதில்ல. நல்லா இருக்காளா?" அவ்வளவுதான். அளந்து கொடுக்கும் டேட்டாவில் அதை என்னிடம் கேட்டிருக்கிறார். உங்களுக்குள் என்ன என்று நான் கேட்கவில்லை, அம்மாவையும் கேட்க விடமாட்டேன். கோபம் இருந்தால் இருக்கட்டும், அதையும் ஒரு வரியில் எழுது: "14. உங்கள் மேல் கோபம்தான். இறங்கி வந்ததும் பேசுவோம். பாப்பா நலம், நானும் நலம்." அதை வைத்துக்கொண்டு அவர் வாட்ச் நின்றுவிடுவார். ஒன்றுமே வராததை வைத்துக்கொண்டு நிற்க முடியாது.

சிங்கப்பூர் நீரிணைக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். அங்கே கப்பல் நெருக்கடி அதிகம், செகண்ட் ஆஃபீஸருக்கு வரைபட வேலையும் சேர்ந்துகொள்ளும். சிக்னல் இருந்தாலும் அவரால் கூப்பிட முடியும் என்று எதிர்பார்க்காதே. உன் செய்தி அதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இன்றைக்கே ஒன்று போடு, பாப்பா தூங்கின பிறகு போதும். நான் அவருக்கு இன்னும் பதில் எழுதவில்லை. நீ எழுதியதும் எனக்கும் சொல்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: பாப்பாவின் இருமலுக்குக் கற்பூரவல்லி இலையை வாட்டிச் சாறு எடுத்துக் கொடுக்கச் சொன்னாள் அம்மா. மூன்றாவது தடவையாகச் சொல்கிறாளாம்.