எம்எஃப்ஐ ஒன்றுதான், பொருள் ஒன்றல்ல: எச்டிபிஇ மூட்டைகள் குறித்த புகார்

அனுப்புநர்:
உரிமையாளர், பிளாஸ்டிக் கேன் தயாரிப்புக் கூடம்,
கப்பலூர் தொழிற்பேட்டை, மதுரை.

பெறுநர்:
தரக்கட்டுப்பாட்டு மேலாளர் அவர்கள்.

பொருள்: ப்ளோ மோல்டிங் எச்டிபிஇ, 240 மூட்டை – தரக்குறைவு, திரும்பப் பெறுதல் தொடர்பாக.

ஐயா,

உங்களிடம் வாங்கிய 6 டன் சரக்கில் சோப் ஆயில் அடைக்கும் 5 லிட்டர் கேன்கள் செய்தோம். மூன்றே வாரத்தில் 640 கேன்கள் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் விரிசல் ஒரே மாதிரிதான்: ஹேண்டிலின் அடியில் அல்லது அடிப்பக்க ஒட்டுக்கோட்டில், இழுபட்டு வெளுத்த அடையாளமே இல்லாமல், கண்ணாடி கீறியது போல. அதே நாளில் செய்து, வெறும் தண்ணீர் ஊற்றி வைத்த கேன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதைச் சொன்னதும் உங்கள் விற்பனை அலுவலர் அனுப்பிய பதிலில் இரண்டு வரிகள்தான் இருந்தன. உருகிய பிளாஸ்டிக் எவ்வளவு எளிதில் ஓடும் என்று காட்டும் எம்எஃப்ஐ பழையபடி 0.30; சராசரி மூலக்கூறு எடை முன்பைவிடக் கூடியிருக்கிறது, எனவே பலம் குறைய வழியில்லை. இரண்டுமே பொய்யில்லை. ஆனால் எந்தச் சராசரி என்று அவர் சொல்லவில்லை. வம்பே அங்கேதான் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. 10,000 எடையுள்ள மூலக்கூறுச் சங்கிலி 9, 1,10,000 எடையுள்ள சங்கிலி 1 என்று வையுங்கள். மொத்த எடை 2,00,000. தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் 20,000. இது எண் சராசரி. ஆனால் எடையில் பாதிக்கு மேல் அந்த ஒற்றை நீளச் சங்கிலியிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு சங்கிலிக்கும் அதன் எடைக்கேற்ற மதிப்புக் கொடுத்தால் 65,000 வரும். இது எடை சராசரி. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 3.25. சங்கிலி நீளங்களின் பரவலைக் காட்டும் பாலிடிஸ்பர்சிட்டி என்பது இந்த எண்தான்.

எங்களிடம் மிச்சமிருந்த பழைய மூட்டையிலிருந்தும் புதியதிலிருந்தும் மாதிரி எடுத்து, சங்கிலிகளை நீளவாரியாகப் பிரித்து அளக்கும் ஜிபிசி சோதனைக்கு அனுப்பினோம். எச்டிபிஇ ஒரு பாலிஎத்திலீன்; அது சாதாரணச் சூட்டில் எந்தக் கரைப்பானிலும் கரையாது. 140 டிகிரிக்கு மேல் டிரைகுளோரோபென்சீனில் கரைத்து ஓட்டும் கருவி உள்ள இடமாகத் தேட வேண்டியிருந்தது. அந்தச் செலவும் எங்கள் தலையில்தான். பழையதில் எண் சராசரி 15,000, எடை சராசரி 1,86,000, விகிதம் 12.4. புதியதில் 27,000, 1,46,000, விகிதம் 5.4. உங்கள் அலுவலர் சொன்ன 'கூடிய சராசரி' எண் சராசரி. குட்டைச் சங்கிலிகள் குறைந்தால் அது தானாகவே ஏறும். எங்கள் கேனைத் தாங்குவது நீளச் சங்கிலிகள். ஒரு படிகத் தகட்டில் ஒரு முனையும் அடுத்த தகட்டில் மறு முனையுமாக அவை தைத்துப் பிடித்திருக்கின்றன. நீளமானவை குறைந்தால் தையலும் குறையும். வளைவில் நிற்கும் இழுவிசையில், சோப் ஆயில் பட்டதும் அந்தச் சங்கிலிகள் சீக்கிரமே உருவிக்கொள்கின்றன.

விரிசல் வருவதற்கு முன்பே மெஷின் சொல்லிவிட்டது, எங்களுக்குத்தான் புரியவில்லை. வழக்கமான 190 டிகிரியில் மோட்டார் ஆம்பியர் ஏறியது, டையிலிருந்து இறங்கும் உருகிய குழாயான பாரிசனின் மேல்தோல் சுறாத்தோல் போல் சொரசொரத்தது. சூட்டை 205 ஆக்கியதும் தோல் வழவழப்பானது. அப்புறம் பாரிசன் தன் எடை தாங்காமல் தொங்கியது: மேலே மெலிசு, கீழே தடிப்பு. டையை விட்டு வெளிவந்ததும் முன்பு போல் உப்பவும் இல்லை. ஹேண்டில் பக்கம் அச்சில் சிக்காமல் எத்தனையோ கேன்கள் வீணாயின. பரவல் அகலமாக இருந்தால் அழுத்தி ஓட்டும்போது இளகி ஓடும், டையை விட்டு வெளியே தொங்கும்போது நீளச் சங்கிலிகள் தாங்கிப் பிடிக்கும். குறுகிய பரவலில் இரண்டுமே கிடைக்கவில்லை. ஊசி மோல்டிங்கில் தட்டு, மூடி செய்பவருக்கு இதே சரக்கு நன்றாகவே உழைக்கலாம், எங்களுக்கு ஆகாது.

கழிவை அரைத்த ரீகிரைண்ட் கலந்ததால் வந்தது என்று சொல்லிவிடாதீர்கள். ரீகிரைண்டே இல்லாமல் இரண்டு நாள் ஓட்டியும் அதே கதைதான். பழைய சரக்கு 6 மூட்டையை அதே மெஷினில், அதே 190 டிகிரியில் ஓட்டினோம்; ஒரு குறையும் இல்லை.

ஜிபிசி இல்லாமலேயே நீங்கள் இதைப் பிடித்திருக்கலாம். எம்எஃப்ஐ என்பது 2.16 கிலோ எடையில் எடுக்கும் ஒற்றைப் புள்ளி. அதே கருவியில் 21.6 கிலோ வைத்தும் எடுத்துப் பார்த்தோம்: பழையது 27, புதியது 12. முன்பு 90 ஆக இருந்த விகிதம் இப்போது 40. பரவலின் நேரடி அளவு இது இல்லைதான், ஆனால் சரக்கு மாறிவிட்டதைச் சொல்ல இது போதும்.

மீதமுள்ள 118 மூட்டைகளை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர வேண்டும். திரும்பி வந்த 640 கேன்களின் விலையையும் சோதனைக் கட்டணத்தையும் ஈடுகட்ட வேண்டும். இந்த லாட்டில் வினையூக்கியோ ரியாக்டரோ மாறியதா என்று எழுத்தில் தெரிவியுங்கள். இனி வரும் சான்றிதழில் 21.6 கிலோ அளவும் இருந்தால்தான் லாரியிலிருந்து மூட்டையை இறக்குவோம்.

உடைந்த கேன்களில் 20-ம், இரண்டு சரக்கிலும் தலா ஒரு கிலோவும் சீல் வைத்து எடுத்து வைத்திருக்கிறோம். உங்கள் ஆளை 15 நாட்களுக்குள் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
உரிமையாளர்